மேடையில் முழங்கும் மைக், கணினியில் முணுமுணுப்பது ஏன்?

கச்சேரி மேடையில் ஊரையே எழுப்பும் மைக், வீட்டுக் கணினியில் செருகியதும் முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறது. யூடியூபில் கதை சொல்லவோ, இணைய வகுப்பு எடுக்கவோ, பாடிப் பதிவுசெய்யவோ விரும்பும் பலர் இதைச் சந்திக்கிறார்கள். கையிலிருக்கும் டைனமிக் மைக்கை எடுத்து, பெரிய பின்னைச் சின்ன பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரை மாட்டி, கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் செருகுகிறார்கள். பேசிப் பார்த்தால் திரையில் அலைவடிவம் ஏறக்குறைய ஒரு கோடாகவே கிடக்கிறது. ஒலியளவை முழுதும் ஏற்றினால் குரல் கொஞ்சம் வருகிறது, ஆனால் கூடவே ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சலும் வருகிறது. மைக் போய்விட்டது என்று முடிவுகட்டி, அடுத்த மைக்கைத் தேடத் தொடங்குகிறார்கள்.

பெரும்பாலும் மைக்கில் ஒரு குறையும் இருக்காது. அந்த மைக்கும் அந்தத் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை என்பதுதான் சிக்கல். ஏன் பொருந்துவதில்லை என்று தெரிந்துகொண்டால், எதற்குச் செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

டைனமிக் மைக்கின் உள்ளே ஒரு மெல்லிய தகடும், அதில் ஒட்டிய ஒரு சிறு கம்பிச்சுருளும், சுற்றிலும் ஒரு காந்தமும் இருக்கின்றன. குரல் தகட்டை அசைக்க, காந்தப்புலத்துக்குள் சுருள் அசைய, கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. நம் மூச்சின் விசை தவிர அதற்கு வேறு ஆற்றல் மூலம் கிடையாது. பேட்டரியும் இல்லை, உள்ளே பெருக்கியும் இல்லை. அதனால்தான் அது மழை, வியர்வை, கீழே விழுதல் எல்லாவற்றையும் தாங்குகிறது. அதனால்தான் அதன் வெளியீடும் சன்னமாக இருக்கிறது.

எவ்வளவு சன்னம் என்பதற்கு, 1966 முதல் உலக மேடைகளில் புழங்கிவரும் ஷூர் எஸ்எம்58 மைக்கை எடுத்துக்கொள்வோம். மைக்குகளை ஒப்பிட, 94 டெசிபல் ஒலியை அதன்முன் வைத்து வெளியீட்டை அளப்பது வழக்கம். அந்தச் சோதனையில் எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட். பாட்காஸ்ட்காரர்களுக்குப் பிடித்த எஸ்எம்7பி அதைவிடக் குறைவாக, 1.12 மில்லிவோல்ட்தான் தருகிறது. அதே ஒலிக்கு, ஹெட்செட்டில் இருக்கும் எலக்ட்ரெட் வகைச் சிறு மைக் 6 முதல் 12 மில்லிவோல்ட் வரை தரும். ஸ்டுடியோ கண்டென்சர் மைக்கான ரோட் என்டி1-ஏ 25 மில்லிவோல்ட் தரும். எலக்ட்ரெட்டிலும் கண்டென்சரிலும் தகட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டிரான்சிஸ்டரோ சிறு மின்சுற்றோ இருந்து, வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி வேலை செய்வதால் வரும் வித்தியாசம் இது.

கணினியின் இளஞ்சிவப்புத் துளை அந்த எலக்ட்ரெட் மைக்குக்காகவே செய்யப்பட்டது. மைக்குக்குத் தேவையான சில வோல்ட் மின்சாரத்தை அதுவே அனுப்பும். வரும் குரலைச் சற்றுப் பெருக்கவும் செய்யும். அந்தப் பெருக்கம்தான் விண்டோஸில் Recording தாவலில், மைக்கின் Levels பக்கத்தில் Microphone Boost என்ற பெயரில் தெரிவது. அது பெரும்பாலும் 30 டெசிபலோடு நின்றுவிடும். 30 டெசிபல் என்பது ஏறக்குறைய 32 மடங்கு. ஹெட்செட்டுக்கு அது போதும், டைனமிக் மைக்குக்குப் போதாது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இயல்பாகப் பேசும் ஒருவரின் குரல் ஒரு மீட்டர் தொலைவில் 60 டெசிபல் அளவில் இருக்கும். வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் அது சுமார் 84 டெசிபலாக ஏறும். அங்கே எஸ்எம்58 தருவது சுமார் 0.6 மில்லிவோல்ட், அதாவது 600 மைக்ரோவோல்ட். இதைக் கணினி வசதியாகக் கையாளும் அளவுக்கு, ஒரு வோல்ட்டை ஒட்டிக் கொண்டுவர ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். ஆயிரம் மடங்கு என்பது 60 டெசிபல். மேடையில் இந்த மைக் சங்கடமில்லாமல் முழங்குவதற்கு, அதை வாங்கிக்கொள்ளும் மிக்ஸரில் இவ்வளவு பெருக்கம் இருப்பதுதான் காரணம். பாடகர் உதடு உரச, உரக்கப் பாடுவதும் சேர்ந்துகொள்கிறது. கணினித் துளையின் 32 மடங்கில் 600 மைக்ரோவோல்ட் 20 மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது. கோடு தட்டையாகக் கிடப்பது இதனால்தான்.

அப்படியானால் மென்பொருளில் இன்னும் ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஏற்றலாம், குரல் பெரிதாகவும் ஆகும். ஆனால் கணினிப் பலகையில் அருகிலேயே ஓடும் மின்சுற்றுகளின் சலசலப்பும், அந்த மலிவான பெருக்கியின் சொந்த இரைச்சலும் அதற்குள் குரலோடு கலந்திருக்கும். கறைபட்ட காகிதத்தைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்தோடு கறையும் பெரிதாவதுபோல, கலந்த பிறகு எவ்வளவு பெருக்கினாலும் இரண்டும் சேர்ந்தே வளரும். சுத்தமான பெருக்கம் என்று ஒலிப்பதிவுக்காரர்கள் சொல்வது இதைத் தவிர்ப்பதைத்தான். இரைச்சல் வந்து சேருவதற்கு முன்னால், பாதையின் தொடக்கத்திலேயே, இரைச்சல் மிகக் குறைந்த ஒரு பெருக்கியைக் கொண்டு குரலைத் தூக்கிவிட வேண்டும்.

காசு செலவழிப்பதற்கு முன், குரல் உண்மையிலேயே அந்த மைக்கின் வழியாகத்தான் வருகிறதா என்று பாருங்கள். பதிவை ஓடவிட்டு, மைக்கின் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். ‘கரகர’வென்று பெரிதாகப் பதிவாக வேண்டும். பதிவாகாமல், தொலைவில் யாரோ எதையோ சுரண்டுவதுபோல் கேட்டால், பதிவாவது மடிக்கணினிக்குள் இருக்கும் மைக். இது அடிக்கடி நடப்பது. இன்றைய மடிக்கணினிகளில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான் இருக்கிறது. அது நான்கு வளையப் பின்னை எதிர்பார்க்கும். மூன்று வளையப் பின்னைச் செருகினால் மைக் தொடர்பு தரையோடு சேர்ந்துவிடும், கணினி அதை வெறும் ஹெட்போன் என்று எண்ணிக்கொள்ளும்.

வயரிலும் ஒரு பொறி உண்டு. மூன்று கால் கொண்ட எக்ஸ்எல்ஆர் மைக்கில், குரல் இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பயணிக்கிறது. கடைகளில் கிடைக்கும் சில மாற்று வயர்கள், அவற்றில் ஒன்றை இடப்பக்கத்துக்கும் மற்றதை வலப்பக்கத்துக்கும் கொண்டுபோய்விடும். ஸ்டீரியோவாகப் பதிவுசெய்யும் சாதனத்தில் இது குரலாகத்தான் கேட்கும். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்தவுடன் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, குரல் மெலிந்துவிடும் அல்லது மறைந்தே போகும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இடது அலை மேலே ஏறும் இடத்தில் வலது அலை கீழே இறங்கும். அப்படித் தெரிந்தால் ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பதிவு பிழைத்துவிடும். பிறகு வயரை மாற்றுங்கள்.

இன்னொரு வீண்செலவையும் சொல்லியாக வேண்டும். ‘48 வோல்ட் பாண்டம் பவர்’ என்று எழுதிய சிறு பெட்டி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மைக் சத்தம் குறைவாக இருக்கிறது என்று அதை வாங்குபவர்கள் ஏராளம். அது கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, குரலை ஒரு மடங்குகூடப் பெருக்காது. மின்சாரமே தேவைப்படாத டைனமிக் மைக்குக்கு அதனால் பயனில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் போதவில்லை என்றால், கையிலிருக்கும் மிகச் சுத்தமான பெருக்கம் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளிதான். தொலைவைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். மேஜையில் மைக்கை நிறுத்திவிட்டு 30 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பேசுபவருக்குக் கிடைப்பது சுமார் 100 மைக்ரோவோல்ட். 5 சென்டிமீட்டருக்கு வந்தால் அதுவே 600. எந்தக் கருவியும் குரலை மட்டும் தனியே பிரித்து ஆறு மடங்காக்கித் தராது, நெருங்கி உட்காருவது தரும்.

நெருங்கினால் இரண்டு தொல்லைகள் வரும். குரலின் அடித்தொனி கனத்துப் போகும். ‘ப’ வரும் இடங்களில் மூச்சுக்காற்று மைக்கில் மோதி ‘பொத்’தென்று விழும். மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல், வாயின் ஓரத்திலிருந்து வாயை நோக்கிச் சாய்வாக வைத்தால் மூச்சு பக்கவாட்டில் போய்விடும். மேலே பஞ்சு உறை ஒன்றும் போடலாம். கனத்த அடித்தொனிக்கு, எடிட்டிங் மென்பொருளில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும் வடிகட்டி போதும்.

அடுத்த படி, கணினித் துளையையே விட்டுவிடுவது. யூஎஸ்பி வழியாக இணையும் ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். மைக் வயரை எக்ஸ்எல்ஆர் பின்னோடு நேராக வாங்கி, உள்ளே நல்ல ப்ரீஆம்ப் கொண்டு பெருக்கி, அங்கேயே எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி அது. எதிர்த்திசையில் வரும் இரண்டு கம்பிகளையும் அது சரியாகக் கழித்து எடுப்பதால், வழியில் வயரில் தொற்றிய கரண்ட் ஹம்மும் கழிந்துவிடும். வாங்கும்போது விவரத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள்.

ஒன்று, மைக் உள்ளீட்டின் கெயின் எவ்வளவு என்பது. பலரும் வாங்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 பெட்டியின் மூன்றாம் தலைமுறையில் அது 56 டெசிபல், நான்காம் தலைமுறையில் 69 டெசிபல். நெருங்கிப் பேசும் எஸ்எம்58-க்கு 56 போதும். எஸ்எம்7பி-யில் மெதுவாகப் பேசுபவருக்கு 56 திணறும். அந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

இரண்டாவது எண் EIN. ப்ரீஆம்பின் சொந்த இரைச்சலை, அது மைக்கிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டு சொல்லும் அளவு இது. நல்ல பெட்டிகளில் −128 dBu என்ற மாதிரி இருக்கும். அதை மைக்ரோவோல்ட்டில் சொன்னால் சுமார் 0.3. இதற்குக் கீழே போகவும் ஓர் எல்லை உண்டு. 150 ஓம் மின்தடை கொண்ட எந்தக் கம்பியும், அறை வெப்பத்தில் அதன் எலக்ட்ரான்கள் அலைவதாலேயே 0.2 மைக்ரோவோல்ட் அளவு இரைச்சலைத் தானே உண்டாக்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதை விலக்க முடியாது. ஆகவே 0.3 என்பது இயற்கை விதித்த எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்ட எண்.

இந்த எண்களை ஒரு வீட்டு அறையில் வைத்துப் பாருங்கள். மின்விசிறி மெதுவாக ஓடும், சன்னலுக்கு வெளியே தெரு இருக்கும் அறையில் அமைதி என்று நாம் நினைப்பது 40 டெசிபல் வரை இருக்கும். எஸ்எம்58 அதைக் கேட்டுத் தருவது ஏறக்குறைய 4 மைக்ரோவோல்ட். ப்ரீஆம்பின் இரைச்சல் 0.3, அறையின் இரைச்சல் 4, நெருங்கிப் பேசும் குரல் 600. அறைதான் பெருக்கியைவிடப் பதின்மடங்குக்கு மேல் இரைகிறது. இந்த அறையில் இன்னும் விலையுயர்ந்த ப்ரீஆம்ப் வாங்கி 0.3-ஐ 0.25 ஆக்கினாலும் காதுக்கு ஒன்றும் தெரியாது. விசிறியை நிறுத்தினால் தெரியும். அதே நபர் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பேசினால் குரல் 100, அறை 4. குரல் அறையைவிட 150 மடங்கு உயரத்தில் இருந்தது போய், வெறும் 25 மடங்காகிவிடுகிறது. நிறையப் பேர் ‘மைக் இரைகிறது’ என்று சொல்வது, உண்மையில் இந்த இடைவெளியைத்தான்.

உங்கள் பதிவில் கேட்கும் இரைச்சல் அறையுடையதா, பெட்டியுடையதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கெயினைப் பேசும் அளவிலேயே வைத்துக்கொண்டு, பேசாமல் சில நொடிகள் பதிவுசெய்யுங்கள். பிறகு மைக்கைக் கனத்த போர்வையில் பல சுற்றுச் சுற்றி அலமாரிக்குள் வைத்து மூடி, அதே அளவில் இன்னொரு பதிவு எடுங்கள். இரைச்சல் நன்றாகக் குறைந்துவிட்டால் அது அறையுடையது. குறையாமல் ஒரே சீராக ‘உஸ்ஸ்’ என்று தொடர்ந்தால் பெட்டியுடையது. மைக்கைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டாம், வெறுமையான உள்ளீடு வேறு மாதிரி இரையும், முடிவு தவறாகிவிடும்.

எண்ணாகவே பார்க்க விரும்பினால், இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் Analyze பட்டியலில் Contrast என்று ஒன்று இருக்கிறது. பேசும் பகுதியைத் தேர்ந்து Foreground-க்கு அளந்து, பேசாத பகுதியைத் தேர்ந்து Background-க்கு அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டெசிபலில் காட்டும். மேலே சொன்ன அறையில், நெருங்கிப் பேசினால் இது 44-ஐ ஒட்டி வர வேண்டும். 30 சென்டிமீட்டரில் 28 அளவுக்கு இறங்கிவிடும். வித்தியாசம் 40-க்கு மேல் இருந்தால், பேச்சுப் பதிவில் இரைச்சலைப் பற்றிக் கேட்பவர் கவலைப்பட மாட்டார்.

இதையெல்லாம் சொன்ன பிறகுதான் பூஸ்டர் பற்றிப் பேச முடியும். க்ளவுட்லிஃப்டர் சிஎல்-1, ஃபெட்ஹெட் என்ற பெயர்களில் கிடைக்கும் சிறு கருவிகள் இவை. மைக்குக்கும் இண்டர்ஃபேஸுக்கும் நடுவே மாட்ட வேண்டும். இண்டர்ஃபேஸ் அனுப்பும் 48 வோல்ட்டை வாங்கிக்கொண்டு, இரைச்சல் மிகக் குறைந்த டிரான்சிஸ்டர்களால் குரலை 25 டெசிபல் அளவுக்கு, அதாவது 18 மடங்குக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கும். நம் 600 மைக்ரோவோல்ட் 10 மில்லிவோல்ட்டைத் தாண்டி, ஏறக்குறைய ஒரு ஹெட்செட் மைக்கின் பலத்துக்கு வந்துவிடும். அந்த 48 வோல்ட்டைக் கருவி தானே வைத்துக்கொள்வதால் மைக்குக்கு அது போகாது.

இரண்டு நிலைகளில் பூஸ்டர் உண்மையிலேயே உதவும். இண்டர்ஃபேஸில் கெயினை முழுதும் திருப்பியும் குரல் போதவில்லை என்பது ஒன்று. ப்ரீஆம்ப் சுமாரானது, அமைதியான அறையில்கூடப் போர்வைச் சோதனையில் ‘உஸ்ஸ்’ குறையவில்லை என்பது மற்றொன்று. உதாரணத்துக்கு, பழைய மிக்ஸர் ஒன்றின் இரைச்சல் −115 dBu, அதாவது 1.4 மைக்ரோவோல்ட் என்று கொள்வோம். விசிறி நிறுத்தி, சன்னல் சாத்தி, பின்னிரவில் 25 டெசிபல் அமைதியில் பதிவுசெய்பவருக்கு அறையின் பங்கு 0.7 மைக்ரோவோல்ட்தான். அங்கே மிக்ஸர்தான் பெரிதாகக் கேட்கும். மைக்கை ஒட்டிப் பூஸ்டரை மாட்டி மிக்ஸரின் கெயினை இறக்கினால் அந்த இரைச்சல் அமுங்கிவிடும். பகலில், விசிறி ஓடும் அறையில், அதே பூஸ்டரால் காதுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் வராது. கெயின் 69 டெசிபல் வரை போகும், இரைச்சல் குறைந்த பெட்டி ஏற்கெனவே இருக்கிறது என்றால் பூஸ்டர் வாங்க வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் வாங்கியவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

பூஸ்டரைக் கணினியின் சின்னத் துளையோடு சேர்த்துப் பயனில்லை. அந்தத் துளை தரும் சில வோல்ட்டில் அது உயிர் பெறாது. இண்டர்ஃபேஸில் 48V பொத்தானை அழுத்த மறந்தாலும் அதே கதிதான், குரலே வராது. முறையாக எக்ஸ்எல்ஆர் வயரில் இணைந்த டைனமிக் மைக்கை 48 வோல்ட் கெடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். எஸ்எம்7டிபி என்ற புதிய மைக்கில், 18 அல்லது 28 டெசிபல் தரும் இத்தகைய பெருக்கி உள்ளேயே வைத்து விற்கிறார்கள். அதற்கும் அந்தப் பொத்தான் வேண்டும்.

இனி கெயினை வைக்கும் முறை. முதலில் Zoom போன்ற செயலிகள் மைக் அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நீங்கள் பேச்சை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அது அறையின் இரைச்சலை மேலே இழுத்துக் காட்டும். பிறகு மைக்கை உண்மையில் பேசப்போகும் தொலைவில் வைத்து, பதிவில் வரக்கூடிய மிக உரத்த வரியைப் பேசிக்கொண்டே கெயினைத் திருப்புங்கள். அலையின் உச்சி −12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் உச்சி நறுக்குண்டு குரல் ‘கரகர’க்கும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. உச்சி −20-ல் நின்றாலும் பதற வேண்டாம். 24 பிட்டில் பதிவுசெய்தால் அந்தக் குறையை மென்பொருளில் ஏற்றிக்கொள்வதில் சேதமில்லை. குரல் அதற்குள் ப்ரீஆம்பில் சுத்தமாகத் தூக்கப்பட்டுவிட்டது, இங்கே கூட்டுவதால் அதற்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி சுருங்காது.

உச்சி சரியாக இருந்தும் மற்றவர்கள் பதிவோடு ஒப்பிட்டால் உங்களுடையது சன்னமாகக் கேட்கலாம். காது ஒலியளவை உச்சியை வைத்து எடைபோடுவதில்லை, சராசரியை வைத்துத்தான் எடைபோடுகிறது. பேச்சில் ஓரிரு சொற்கள் மட்டும் துள்ளி உச்சியைத் தொட்டுவிட, மற்றதெல்லாம் கீழே கிடக்கும். கம்ப்ரஸர் என்ற விளைவைக் கொண்டு அந்தத் துள்ளல்களை மட்டும் சற்று அமுக்கிவிட்டு, மொத்தத்தையும் மேலே ஏற்ற வேண்டும். ஆடாசிட்டியில் Loudness Normalization என்ற விளைவில் −16 LUFS என்று கொடுத்தால், பாட்காஸ்டுகளுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு வந்துவிடும். கம்ப்ரஸர் அறையின் இரைச்சலையும் சேர்த்தே மேலே கொண்டுவரும். ஆகவே Contrast-ல் வித்தியாசம் 30-க்குக் கீழே இருக்கும் பதிவை ஏற்றாமல், மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை பேசிவிடுவது நல்லது.